இரண்டாவது காற்புள்ளியை மட்டும் மாற்றுவது: எந்த வழி யாருக்கு?

திருமண அழைப்பிதழ் அனுப்பும் காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு விரிதாள் உருவாகிவிடும். சித்தப்பா ஒரு பகுதியைத் தட்டச்சுச் செய்வார், மச்சாள் இன்னொரு பகுதியைச் சேர்ப்பார், கடைசியில் எல்லாம் ஒரே நிரலில் வந்து விழும். முழு முகவரியும் ஒரே கலத்தில், காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டு இருக்கும். உறையில் அதை இரண்டு வரிகளாக அச்சிட வேண்டும்: மேல் வரியில் வீட்டு எண்ணும் வீதியும், கீழ் வரியில் ஊர். அதற்கு எல்லாக் காற்புள்ளிகளையும் மாற்றக் கூடாது. ஒன்றை மட்டும், பெரும்பாலும் இரண்டாவதை மட்டும், `|` போன்ற ஒரு பிரிப்புக் குறியாக மாற்ற வேண்டும். பிறகு அந்தக் குறியில் வெட்டி இரு நிரல்களாக்கிவிடலாம்.

இதைச் செய்ய எக்செலில் நாலைந்து வழிகள் உண்டு. எல்லாம் ஒரே விடையைத் தருவதுபோல் தோன்றும். ஒழுங்கான நிரைகளில் ஒரே விடைதான். ஒழுங்கற்ற நிரை வரும்போதுதான் அவை பிரிகின்றன. ஆகவே அந்த நிரைகளை வைத்தே ஒப்பிடுகிறேன். வீட்டு எண்கள் நான் இட்டவை. வீதிகள் நம் ஊர் வீதிகள்.

```
A2  இல. 45, கோவில் வீதி, நல்லூர், யாழ்ப்பாணம்
A3  ஆடியபாதம் வீதி, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்
A4  மானிப்பாய் வீதி, யாழ்ப்பாணம்
A5  இல. 12/1, 2ஆம் ஒழுங்கை, பலாலி வீதி, கோண்டாவில், யாழ்ப்பாணம்
A6  இல. 8, தும்பளை வீதி, பருத்தித்துறை
```

முதல் தெரிவு: SUBSTITUTE

பலரும் இந்தச் சார்பை மூன்று உள்ளீடுகளுடன் மட்டுமே பயன்படுத்துகிறார்கள்: எந்தக் கலம், எதை, எதுவாக. அப்படி எழுதினால் கலத்திலுள்ள அத்தனை காற்புள்ளிகளும் மாறிவிடும். நான்காவதாக ஓர் எண்ணையும் கொடுக்கலாம். அது எத்தனையாவது என்பதைச் சொல்கிறது.

```
=SUBSTITUTE(A2,",","|",2)
```

A2 இதனால் `இல. 45, கோவில் வீதி| நல்லூர், யாழ்ப்பாணம்` ஆகிறது. மற்றக் காற்புள்ளிகள் இருந்தபடியே இருக்கின்றன. எழுதுவதற்குச் சுருக்கம், படித்தால் விளங்கும், எக்செலின் பழைய பதிப்புகளிலும் ஓடும். கூகிள் ஷீற்ஸிலும் லிப்ரே ஒபிஸிலும் இதே பெயரில் இதே வேலையைச் செய்கிறது. (லிப்ரே ஒபிஸில் கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து உள்ளீடுகளுக்கு இடையே காற்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளி கேட்கப்படலாம்.) கோப்பை அச்சுக்கடைக்குக் கொடுப்பவருக்கு இந்தப் பொதுமை பெரிய வசதி. அங்கே எந்தப் பதிப்பு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

குறையும் உண்டு. A4ஐப் பாருங்கள். அதில் ஒரே ஒரு காற்புள்ளிதான். இரண்டாவது இல்லாதபோது SUBSTITUTE பிழை காட்டுவதில்லை. கலத்தை அப்படியே திருப்பித் தந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறது. இருநூறு நிரைகளுக்கு நடுவில் அது கண்ணில் படாது. உறை அச்சாகிக் கையில் வந்தபிறகே தெரியும்.

இரண்டாம் தெரிவு: FIND கொண்டு தேடி, REPLACE கொண்டு மாற்றுவது

```
=REPLACE(A2,FIND(",",A2,FIND(",",A2)+1),1,"|")
```

உள்ளேயிருந்து வெளியே படிக்க வேண்டும். உள்ளிருக்கும் FIND முதல் காற்புள்ளி எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கிறது. அதற்கு அடுத்த இடத்திலிருந்து வெளி FIND மறுபடி தேடி இரண்டாவதின் இடத்தைச் சொல்கிறது. அந்த இடத்தில் ஓர் எழுத்தை எடுத்துவிட்டு REPLACE புதியதை வைக்கிறது. A2க்கு முந்தைய வழி தந்த விடைதான் இதிலும் வரும்.

இணையத்தில் இந்தச் சூத்திரத்தைப் பழைய முறை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் ஒதுக்கமாட்டேன். A4 வரும்போது இரண்டாவது FINDக்கு ஒன்றும் அகப்படாது; கலம் `#VALUE!` என்று கத்தும். அந்தக் கத்தல்தான் இங்கே பயன். பட்டியலை ஒருமுறை வடிகட்டினால் பிழையான நிரைகள் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். மூன்றாவது, நான்காவது என்று போக வேண்டுமானால் FINDக்குள் FIND அடுக்க வேண்டியிருப்பது இதன் தொல்லை. இரண்டாவதோடு நின்றால் தாங்கலாம்.

SUBSTITUTEஇன் சுருக்கமும் வேண்டும், இந்தச் சத்தமும் வேண்டும் என்றால் முன்னால் ஒரு காவல் வைக்கலாம்:

```
=IF(LEN(A2)-LEN(SUBSTITUTE(A2,",",""))<2,"பார்க்க",SUBSTITUTE(A2,",","|",2))
```

காற்புள்ளிகளை நீக்கியபின் நீளம் எவ்வளவு குறைகிறதோ, அதுவே காற்புள்ளிகளின் எண்ணிக்கை. இரண்டுக்குக் குறைந்தால் "பார்க்க" என்று எழுதிவைக்கும். நானாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன், ‘இரண்டாவது’ என்பது உண்மையில் இரண்டாவதாக இருக்கும் பட்சத்தில்.

இரண்டாவது என்றால் எங்கிருந்து?

நம் ஐந்து நிரைகளில் அந்தப் பட்சம் நிற்கவில்லை. A3இல் வீட்டு எண் இல்லை. ஆகவே இரண்டாவது காற்புள்ளி திருநெல்வேலிக்குப் பின்னால் வருகிறது. மேல் வரியில் வீதியும் ஊரும் சேர்ந்து நிற்க, கீழே யாழ்ப்பாணம் தனியாக விழும். A5இல் ஒழுங்கை நுழைந்துவிட்டது. இரண்டாவது காற்புள்ளியில் வெட்டினால் பலாலி வீதி கீழ் வரிக்குப் போய்விடும். இரண்டிலும் பிழைச் செய்தி வராது, "பார்க்க" என்றும் வராது. சூத்திரம் கேட்டதைச் சரியாகச் செய்திருக்கிறது. கேள்விதான் பொருந்தவில்லை.

கடைசியிலிருந்து எண்ணிப் பார்ப்போம். ஊர், யாழ்ப்பாணம் என்ற இரண்டு துண்டுகள் முடிவில் நிலையாக வருகின்றன என்றால், வேண்டியது கடைசிக்கு முந்தைய காற்புள்ளி. மொத்த எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் அதன் வரிசை எண் கிடைக்கும்.

```
=SUBSTITUTE(A2,",","|",LEN(A2)-LEN(SUBSTITUTE(A2,",",""))-1)
```

A2இல் மூன்று காற்புள்ளிகள், ஆகவே இரண்டாவது மாறும். A3இல் இரண்டு, ஆகவே முதலாவது. A5இல் நான்கு, ஆகவே பலாலி வீதிக்குப் பின்னால் நிற்கும் மூன்றாவது. மூன்றும் சரி. A4இல் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சுழியம். சுழியத்தை SUBSTITUTE ஏற்காது. எக்செலில் `#VALUE!` வரும். கேட்காமலே ஒரு காவல் கிடைத்துவிட்டது.

ஆனால் A6 தோற்றுப்போகிறது. பருத்தித்துறைக்காரர் முகவரியின் முடிவில் யாழ்ப்பாணம் என்று எழுதவில்லை. வடமராட்சியில் பலர் எழுதுவதில்லை. எழுதச் சொன்னாலும் ஒரு பார்வை பார்ப்பார்கள். அங்கே இரண்டு காற்புள்ளிகள்தான், ஆகவே முதலாவது மாறி, மேல் வரியில் `இல. 8` மட்டும் தனித்து நிற்கும். A3க்கும் A6க்கும் காற்புள்ளி எண்ணிக்கை ஒன்றே. ஒன்றுக்கு முதலாவது வேண்டும், மற்றதற்கு இரண்டாவது வேண்டும். முன்னாலிருந்து எண்ணினாலும் பின்னாலிருந்து எண்ணினாலும் இந்த இரண்டையும் ஒரே சூத்திரத்தால் திருப்திப்படுத்த முடியாது.

எண்ணாமல், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இதற்கு வழி. ஐந்து நிரைகளிலும் வெட்ட வேண்டிய காற்புள்ளி ‘வீதி’ என்ற சொல்லை ஒட்டி நிற்கிறது.

```
=SUBSTITUTE(A2,"வீதி,","வீதி|")
```

வரிசை எண்ணே இல்லை, ஐந்தும் சரி. A4கூட, யாழ்ப்பாணம் கீழ் வரிக்கு வந்து, ஒழுங்காகிவிடுகிறது. இதற்கும் எல்லை உண்டு. ‘செட்டித்தெரு ஒழுங்கை, நல்லூர்’ என்று வீதி இல்லாத முகவரி வந்தால் SUBSTITUTE தன் பழைய வழக்கப்படி மௌனமாகிவிடும். வீதிக்கும் காற்புள்ளிக்கும் நடுவே யாராவது ஓர் இடைவெளி விட்டிருந்தாலும் அதே கதைதான். முன்கூட்டியே `SUBSTITUTE(A2," ,",",")` போட்டு அந்த இடைவெளிகளை அகற்றிவிடுவது நல்லது. முடிந்தபின் விடை நிரலில் `|` இல்லாத கலங்களை வடிகட்டிப் பாருங்கள். அங்கே மிஞ்சியவைதான் கையால் பார்க்க வேண்டியவை.

கையால் பார்ப்பதற்கும் ஒரு நல்ல முறை இருக்கிறது. நான்காவது உள்ளீட்டில் எண்ணுக்குப் பதிலாக ஒரு கலத்தைக் கொடுக்கலாம்: `=SUBSTITUTE(A2,",","|",B2)`. B நிரலில் எல்லாவற்றுக்கும் 2 என்று நிரப்பிவிட்டு, முரண்டு பிடிக்கும் நிரைகளில் மட்டும் 1 அல்லது 3 என்று மாற்றுங்கள். முகவரியைத் தொடாமலே திருத்தம் முடிந்துவிடும். எதை மாற்றினோம் என்ற பதிவும் பக்கத்திலேயே இருக்கும். முப்பது, நாற்பது விதிவிலக்குகள் வரை இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியவில்லை.

தேடல் கோலங்கள்

எழுத்துகளை அப்படியே தேடாமல், ‘காற்புள்ளி அல்லாத எழுத்துகள், பிறகு ஒரு காற்புள்ளி’ என்று ஒரு கோலத்தைக் கொடுத்துத் தேடும் வசதி மூன்று மென்பொருள்களிலும் உண்டு. ஆனால் மூன்றிலும் மூன்று விதமாக.

லிப்ரே ஒபிஸில் அது `REGEX` என்ற சார்பு, பதிப்பு 6.2இலிருந்து இருக்கிறது. அதன் கடைசி உள்ளீட்டில் எண் கொடுத்தால் அத்தனையாவது பொருத்தத்தை மட்டும் மாற்றும். மைக்ரோசாப்ட் 365 சந்தாவில் வரும் `REGEXREPLACE`உம் நான்காவது உள்ளீடாக வரிசை எண்ணை ஏற்கிறது. அங்கே எதிர் எண்ணும் கொடுக்கலாம். `-2` என்றால் கடைசியிலிருந்து இரண்டாவது. மேலே LEN வைத்துக் கணக்குப்போட்டது அங்கே இரண்டு எழுத்தில் முடிந்துவிடும். கூகிள் ஷீற்ஸிலும் அதே பெயரில் ஒரு சார்பு உண்டு. ஆனால் அது மூன்று உள்ளீடுகளையே ஏற்கும், வரிசை எண் கேட்காது. அங்கே இரண்டாவதைக் கோலத்துக்குள்ளேயே சொல்ல வேண்டும்:

```
=REGEXREPLACE(A2,"^([^,]*,[^,]*),","$1|")
```

கலத்தின் தொடக்கத்திலிருந்து இரண்டாவது காற்புள்ளிக்கு முன்னால் உள்ளது முழுவதையும் அடைப்புக்குள் பிடித்து, `$1` என்று அப்படியே திருப்பி வைத்து, காற்புள்ளியை மட்டும் மாற்றுகிறது.

வெறும் இரண்டாவது காற்புள்ளிக்காக இதைத் தேட வேண்டியதில்லை, SUBSTITUTE போதும். வீதியோ ஒழுங்கையோ எது வந்தாலும் அவற்றுள் கடைசியாக வருவதன் பின்னால் வெட்டு என்று சொல்ல வேண்டியிருந்தால் கோலம் தன் விலையைத் தந்துவிடும். கூகிள் ஷீற்ஸில்:

```
=REGEXREPLACE(A2,"^(.*(வீதி|ஒழுங்கை)),","$1|")
```

முன்னால் உள்ள `.*` முடிந்தவரை நீளமாகப் பிடிக்க முயலும். அதனால் A5இல் 2ஆம் ஒழுங்கையைத் தாண்டிப் பலாலி வீதிக்கே போய்விடும். செட்டித்தெரு ஒழுங்கையும் அகப்படும். நம் பட்டியலுக்கு இதுதான் மிகப் பொருத்தம். ஆனால் 365இன் இந்தச் சார்பை வைத்து எழுதிய கோப்பைப் பழைய எக்செலில் திறந்து கணக்கிட்டால் `#NAME?` என்றே வரும். கோப்பு வீட்டைவிட்டு வெளியே போகுமானால், விடைகளை மதிப்புகளாக ஒட்டிக் கொடுங்கள்.

லிப்ரே ஒபிஸிலும் கூகிள் ஷீற்ஸிலும் ‘தேடி மாற்று’ பெட்டியிலேயே இதே கோலத்தைப் போடலாம். எக்செலின் பெட்டியில் முடியாது. அது `*`, `?` என்ற பொதுக்குறிகளை மட்டும் அறியும். பிடித்ததைத் திருப்பி வைக்கத் தெரியாது. பெட்டி வழி மூலத்தையே மாற்றிவிடும் என்பதால் நிரலை முதலில் படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

Ctrl+E

எக்செல் 2013 முதல் வரும் வசதி. ஓரிரு நிரைகளில் விடையை நீங்களே தட்டச்சுச் செய்து காட்டிவிட்டு, கீழே Ctrl+E அழுத்தினால் மீதியை அதுவே ஊகித்து நிரப்பும். சூத்திரம் கிடையாது. ஒரே வடிவில் உள்ள பட்டியலுக்கு இது நிமிட வேலை. நம்முடையதுபோல் வடிவம் மாறும் பட்டியலுக்கு நான் நம்பமாட்டேன். அது என்ன விதியை ஊகித்தது என்று எங்கும் எழுதிவைப்பதில்லை, பிழையான ஊகத்தையும் சரியானதுபோலவே நிரப்பிவிடும். பிறகு முகவரியைத் திருத்தினாலும் விடை மாறாது.

பாமினியில் தட்டச்சுச் செய்த பட்டியல்

யாழ்ப்பாணத்தில் இதைச் சொல்லாமல் போக முடியாது. அச்சுக்கடைகளில் இருந்தும் பழைய கணினிகளில் இருந்தும் வரும் கோப்புகள் பல பாமினி எழுத்துருவில் இருக்கும். திரையில் தமிழ் தெரிந்தாலும், கலத்துக்குள் இருப்பவை ஆங்கில விசைப்பலகைக் குறிகள். எழுத்துருவை மாற்றிப் பார்த்தால் A2இன் தொடக்கம் இப்படித் தெரியும்:

```
,y. 45> Nfhtpy; tPjp
```

முதலில் நிற்கும் `,` காற்புள்ளி அல்ல. பாமினியில் அந்த விசைதான் ‘இ’. ‘இல.’ என்பதே `,y.` ஆகிறது. திரையில் காற்புள்ளியாகத் தெரிவது உள்ளே `>` ஆக இருக்கிறது. இந்தக் கலத்தில் `=SUBSTITUTE(A2,",","|",2)` போட்டால் அது ‘இ’களை எண்ணத் தொடங்கும். இரண்டாவது ‘இ’ இல்லாத முகவரியில் ஒன்றும் நடக்காது, இருக்கும் முகவரியில் ஓர் எழுத்துச் சிதையும். சூத்திரத்தில் பிழை தேடி அரைமணி நேரம் போகும். சந்தேகம் இருந்தால் கலத்தைத் தெரிவுசெய்து மேலேயுள்ள சூத்திரப் பட்டையைப் பாருங்கள். அங்கே ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், எதையும் தொடுவதற்கு முன் முழு நிரலையும் யூனிக்கோட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

யூனிக்கோட்டிலும், காற்புள்ளியை விட்டு ஒரு தமிழ் எழுத்தையே மாற்றப் போனால் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிவதுபோல் இராது. கொக்குவில் என்ற பெயரை நாம் ஐந்து எழுத்தாக வாசிக்கிறோம். `LEN` பத்து என்று சொல்லும். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனிக் குறியீடுகள் என்பதே காரணம். அங்கே `"க"`வைத் தேடினால் கொ, க், கு மூன்றிலும் உள்ள ககரம் எண்ணப்படும். ஆகவே

```
=SUBSTITUTE("கொக்குவில்","க","ங",2)
```

என்பது க் என்பதை ங் ஆக்கி ‘கொங்குவில்’ என்று தரும். ‘கு’வைத் தொட வேண்டுமென்றால் `3` தர வேண்டும், அல்லது தேடும் எழுத்தையே `"கு"` என்று முழுமையாகக் கொடுக்க வேண்டும். இரண்டாவது முறையே பாதுகாப்பு. கொ, கோ போன்றவற்றில் இன்னொரு சிக்கல்: ‘ொ’ ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ‘ெ’யும் ‘ா’வும் அடுத்தடுத்து வந்த இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் ஒன்றைத் தேடும்போது மற்றது அகப்படாது. கண்ணுக்கு இருக்கும் எழுத்தைச் சூத்திரம் இல்லை என்று சொன்னால் முதலில் `LEN` போட்டுப் பாருங்கள். எதிர்பார்த்ததைவிட ஒன்று கூடியிருந்தால் இதுதான் காரணமாக இருக்கக் கூடும்.

வெட்டத்தான் போகிறோம் என்றால்

எக்செல் 2024 அல்லது 365 வைத்திருப்பவருக்கு இந்த `|` நாடகமே வேண்டியதில்லை. `=TEXTBEFORE(A2,",",2)` இரண்டாவது காற்புள்ளிக்கு முன்னால் உள்ளதைத் தரும், `=TEXTAFTER(A2,",",2)` பின்னால் உள்ளதை. இரண்டாவது இல்லாவிட்டால் `#N/A` வரும், அதாவது இவை கத்தும் வகையைச் சேர்ந்தவை. எதிர் எண்ணையும் ஏற்கும். ஆனால் இவையும் எண்ணித்தான் வெட்டுகின்றன. A3உம் A6உம் சேர்ந்து போடும் சண்டையை இவற்றாலும் தீர்க்க முடியாது.

பழைய பதிப்பில் `|` வைத்து முடித்தவர்கள், விடை நிரலை மதிப்புகளாக ஒட்டியபின், தரவுப் பட்டியிலுள்ள Text to Columns மூலம் அந்தக் குறியில் வெட்டலாம். வெட்டிய இரண்டாவது துண்டின் முன்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும், ஏனென்றால் மாற்றியது காற்புள்ளியை மட்டும், அதன் பின்னிருந்த இடைவெளியை அல்ல. `TRIM` போட்டால் அது போய்விடும். போடாவிட்டால் உறையில் கீழ் வரி மட்டும் சற்று உள்ளே தள்ளி அச்சாகும். வெளிநாட்டு முகவரிகளை இந்த நிரலிலேயே கலந்து வைக்காதீர்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் காற்புள்ளிகள் விழும் இடமும் வேறு, வீதி என்ற சொல்லும் இராது. அவற்றை வேறொரு தாளுக்கு மாற்றி, B நிரலில் எண் கொடுக்கும் முறையால் முடிப்பதே எளிது.